வௌவால் திரும்பும் இடம்

என் அக்காவின் வீட்டுக்காரரை அவருடைய அலுவலகத்தில் எல்லோரும் வௌவால் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவருக்கு அதில் பெருமைதான். நான் மாமா என்பேன். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் விலைப் படம், அதாவது பங்கு விலை ஏறி இறங்குவதைக் கோடாகப் போட்ட சார்ட், பார்ப்பது அவர் வேலை. பதினான்கு வருடம் அதைத்தான் பார்த்தார். இதை நான் எழுதுவது அவரைத் திட்டுவதற்காக என்று யாராவது நினைத்தால் பாதி சரி. மீதிப் பாதி என்னைத் திட்டிக்கொள்வதற்கு.

சட்டைப் பையில் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். குளித்துவிட்டு வந்ததும் பேனாவை மறந்தாலும் அதை மறக்க மாட்டார். சுவரில் விரிசல் விட்டிருந்தால்கூட நின்று அளப்பார். "பாதியில நின்னிருக்கு பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, சம்பளக் கவரைப் பிரிக்காமல் அக்கா கையில் கொடுக்கிற ஆள். இதில் ஏதாவது ஒரு கெட்ட பழக்கம் இருந்திருந்தால் அக்கா அப்போதே உஷாராகியிருப்பாள். நல்லவனாக இருக்கிற ஆளிடம்தான் வீடு ஏமாந்துபோகிறது.

அவர் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. விலை ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் ஐந்து முனைகளைப் பிடித்து எக்ஸ், ஏ, பி, சி, டி என்று பெயர் வைக்க வேண்டும். ஒரு பங்கு நூறிலிருந்து இருநூறுக்குப் போகிறது என்று வையுங்கள். நூறு எக்ஸ், இருநூறு ஏ. பிறகு நூற்றைம்பதுக்கு இறங்குகிறது. ஏறியதில் சரிபாதி, அது பி. மறுபடியும் நூற்றுத் தொண்ணூற்று நாலுக்கு ஏறுகிறது, அது சி. அங்கிருந்து விழ ஆரம்பித்தால், அந்த இருநூறிலிருந்து கணக்குப் பார்த்து, முதலில் ஏறிய நூறில் எண்பத்தெட்டு புள்ளி ஆறு பங்கு இறங்கிய இடத்தில், அதாவது நூற்றுப் பதினொன்று சொச்சத்தில், திரும்பி ஏற வேண்டும். அதுதான் டி. ஐந்தையும் கோடு போட்டுச் சேர்த்தால் இரண்டு சிறகு விரித்த மாதிரி இருக்கும். அதற்கு வௌவால் என்று பெயர். பி இன்னும் ஆழமாக இறங்கி, டி எக்ஸுக்கும் கீழே போனால் பட்டாம்பூச்சி. டி இன்னும் பாதாளத்துக்குப் போய், முதல் ஏற்றத்தைப் போல ஒன்று புள்ளி ஆறு மடங்கு இறங்கினால் நண்டு. ஒரு மிருகக்காட்சி சாலையே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விகிதம் உண்டு, புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கத்தோடு. மூன்று இலக்கம் போட்டுச் சொன்னால் மனிதன் எதையும் நம்புவான்.

மாமாவின் மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க அந்தப் படங்கள் ஒட்டியிருந்தன. இருநூறுக்கு மேல் இருக்கும். ஒன்றில்கூடத் தோல்வி கிடையாது. எல்லாம் டி விலையில் போட்ட கோட்டைத் தொட்டுத் துள்ளி எழுந்தவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் பழைய விலைப் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அவற்றைத் தேடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் கண் முதலில் போகிற இடம் திருப்பம். ஒரு பெரிய பள்ளம், அதிலிருந்து ஓர் ஏற்றம் தெரிந்தால் அங்கே டி என்று எழுதுவார். அங்கிருந்து பின்னோக்கிப் போய் சி, பி, ஏ. கடைசியாக எக்ஸ். கணக்கு ஒத்து வராவிட்டால் அதற்கு முந்தின பள்ளம் ஒன்று இருக்கவே இருக்கிறது, அதை எக்ஸ் ஆக்கலாம். அப்போதும் வௌவால் வராவிட்டால் பட்டாம்பூச்சி வரும், இல்லாவிட்டால் நண்டு. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு ஆண்பிள்ளைதான் பிறக்கும் என்று குறி சொல்வதுதான் இது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே பார்த்தார், நிஜமாகவே அளந்தார். வடிவம் அமைந்தும் விலை திரும்பாமல் போன இடங்களில் அவர் கண் நிற்கவே இல்லை. அங்கே நிற்க என்ன இருக்கிறது, அது வெறும் இறக்கம்தானே.

முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. வாடிக்கையாளர்களின் பணத்தை மொத்தமாக வாங்கி, மாமா சொல்கிறபடி வாங்கி விற்கிற ஒரு திட்டம். மாமாதான் அதற்குத் தலைவர், தனி அறை, இரண்டு மடங்குச் சம்பளம். ஆனால் சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டி யாரிடமும் பணம் வாங்க முடியாது, ஒரு எண் வேண்டும் என்றார். நூற்றுக்கு எத்தனை பலிக்கும் என்று கம்ப்யூட்டர் சோதித்துச் சொன்ன எண். அப்போது மாமா என் பெயரைச் சொன்னார். நான் அந்தத் தொழில்தான் செய்கிறேன். சம்பளத்துக்குப் புரோகிராம் எழுதுகிறவன். மச்சினன் என்பதால் பாதிக் கூலிக்கு ஒத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். பத்து வருட விலைகளை ஊட்டினேன். டி வந்ததும் வாங்க வேண்டும், அதற்குக் கீழே ஒரு குறித்த தூரம் (வௌவாலுக்கு எக்ஸ் வரை) இறங்கினால் ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டத்தோடு விற்பது, அதே தூரம் மேலே ஏறினால் டார்கெட், லாபத்தோடு விற்பது. எது முதலில் வருகிறது என்று எண்ண வேண்டும். ஏறவும் இறங்கவும் ஒரே தூரம் என்பதால், ஒன்றும் தெரியாதவனுக்குக்கூட நூற்றுக்கு ஐம்பது கிடைக்கும். என் புரோகிராம் நானூற்றுப் பதினெட்டு வடிவங்களைக் கண்டுபிடித்தது. முந்நூற்று முப்பது வெற்றி. நூற்றுக்கு எழுபத்தொன்பது.

மாமா அந்தத் தாளை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். முதலாளி என் முதுகில் தட்டினார். அன்றாடம் காலை பத்து மணிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து விலைத் திரையைப் பார்க்கிற ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் உண்டு. அவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். எனக்கு அப்போது இருந்த மிதப்பைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தலைகால் புரியவில்லை.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னிஷியன். பத்தொன்பது வருடம் நின்றுகொண்டே செய்த வேலை. காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் கால் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் காய் நறுக்குவாள். என் படிப்புச் செலவில் பாதி அந்தக் காலில் நின்று சம்பாதித்தது. தனக்குப் பெரிய வேலை வரப்போகிறது, நீ வேலையை விட்டுவிடு என்று மாமா அவளிடம் சொன்னார். அவள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நீ சோதிச்சுப் பாத்ததுதானே?"

"ஆமாக்கா. நானே எழுதி, நானே ஓட்டிப் பாத்தது."

"அப்ப சரி," என்றாள். அந்த மாத முடிவில் வேலையை விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, திட்டத்துக்கான விண்ணப்பப் படிவங்கள் அச்சாகிக்கொண்டிருந்தபோது, ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கைத் தற்செயலாகப் பார்த்தேன். அதில் வௌவால் வருகிறது என்று சில வாரங்களுக்கு முன்னால் மாமா எனக்குக் காட்டியிருந்தார். கோட்டைக்கூடப் பென்சிலால் போட்டு வைத்திருந்தார். விலை அந்தக் கோட்டைத் தொட்டது, நிற்காமல் கீழே போனது, எக்ஸை உடைத்தது, இன்னும் கீழே போய், படு ஆழத்தில் ஒருவழியாகத் திரும்பியது. என் புரோகிராம் அந்த ஆழத்தில் ஒரு நண்டைக் காட்டியது. பக்கத்தில் வெற்றி என்று போட்டிருந்தது. சரி, தோற்ற வௌவால் எங்கே என்று பட்டியலில் தேடினேன். இல்லை. அப்படி ஒரு வௌவால் பிறக்கவே இல்லை என்றது பட்டியல்.

உடனே நான் எழுதினதைத் திறந்து பார்த்தேன். ஒரு பள்ளத்தை முனை என்று ஏற்க வேண்டுமானால், விலை அங்கிருந்து நூற்றுக்கு ஐந்து ஏறியிருக்க வேண்டும் என்று நானே எழுதியிருந்தேன். அது தப்பில்லை. அப்படி எழுதாவிட்டால் ஒவ்வொரு சின்ன நடுக்கமும் முனையாகிவிடும். தப்பு அடுத்த வரியில். ஐந்து ஏறி, இது திரும்பிவிட்டது என்று தெரிந்துகொண்ட பிறகு, பள்ளத்தின் அடிமட்ட விலையிலேயே வாங்கியதாக எழுதியிருந்தேன். திருடன் வந்து போன பிறகு கதவைப் பூட்டிவிட்டு, முந்தின நாளே பூட்டினேன் என்று எழுதுவதும் இதுவும் ஒன்று. திரும்பாமல் போனவை முனையாகவே ஆகாததால் அவை டி ஆகவில்லை. டி ஆகாததால் வடிவமே இல்லை. வடிவம் இல்லாததால் தோல்வியும் இல்லை. மாமாவின் கண் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ததை நான் இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

திருத்தி எழுதினேன். சி உறுதியானதும் கோட்டைப் போடு, விலை கோட்டைத் தொட்ட அந்த நேரத்தில் வாங்கு, திரும்புமா என்று காத்திருக்காதே. நானூற்றுப் பதினெட்டு வடிவம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆனது. வெற்றி ஐந்நூற்று முப்பத்து நாலு. நூற்றுக்கு நாற்பத்தெட்டு. காசைச் சுண்டிவிட்டிருந்தால் இதைவிட இரண்டு கூடக் கிடைத்திருக்கும்.

மாமாவிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிமெண்ட் படத்தை ஸ்கேலால் அளந்து பார்த்தார். "நண்டாச்சும் வந்துச்சுல்ல?" என்றார்.

வௌவாலை நம்பி வாங்கினவன் நண்டு வருகிற வரைக்கும் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். புரோகிராமில்தான் கோளாறு, வடிவத்தில் இல்லை என்றார். என் கண்ணுக்குத் தெரிவது உன் இயந்திரத்துக்குத் தெரியாது என்றார். முதலாளியிடம் போனேன். அவர் சிரித்தார். இரண்டு எண் இருந்தால் பெரிய எண்ணைத்தானே நோட்டீஸில் போடுவார்கள் என்றார். அவருக்கென்ன, வாடிக்கையாளர் ஜெயித்தாலும் தோற்றாலும் வாங்கும்போது ஒரு கமிஷன், விற்கும்போது ஒரு கமிஷன்.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அவள் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள்.

"அப்ப திரும்பினதுக்கு அப்புறம்தான் அதுக்குப் பேரு வெச்சிருக்கீங்க."

நான் தலையாட்டினேன். அவள் மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "எங்க லேப்ல முதல்ல ட்யூப்ல பேரையும் தேதியையும் ஒட்டுவோம், அப்புறம்தான் ரத்தம் எடுப்போம். ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம் இது யாரு ரத்தம்னு எழுதினா என்னை வேலையை விட்டே துரத்திடுவாங்க. உங்களுக்கும் அதே சட்டம்தான். கோட்டைத் தொடறதுக்கு முன்னாடி எழுதிக் குடுங்க. நான் நம்பர் போட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு வெக்கறேன். ஆறு மாசம்."

மாமாவுக்கு அதில் உற்சாகம்தான். அவர் பயப்படவில்லை, அவருக்குச் சந்தேகம் இருந்தால்தானே பயப்படுவதற்கு. முதலாளிக்கும் பிடித்துவிட்டது. முன்கூட்டியே எழுதி வைத்த கோப்பு என்றால் அதைவிட விளம்பரம் வேறென்ன வேண்டும் என்றார். படிவங்களை அலமாரியில் பூட்டி வைத்தார். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். கோப்பு நன்றாக வந்தால் திட்டம், வராவிட்டால் படம் பார்ப்பதற்கென்று ஓர் ஆளே இனி தேவையில்லை, அதுதான் புரோகிராம் இருக்கிறதே. அக்கா வேலையை விட்டிருந்தாள். மாமாவின் வேலை இப்போது அந்தக் கோப்பில் தொங்கியது. எல்லாம் நான் எழுதிக் கொடுத்த எழுபத்தொன்பதால் வந்தது.

தினமும் காலையில் சந்தை திறப்பதற்கு முன் மாமா ஒரு வெள்ளைத் தாளில் படத்தை வரைந்து, டி விலை, ஸ்டாப் லாஸ், டார்கெட் மூன்றையும் எழுதிக் கொடுப்பார். அக்கா அதைக் கோப்புக்கென்று வைத்திருந்த தாளில் தன் குண்டு குண்டான கையெழுத்தில் பெயர்த்தெழுதி, வரிசை எண் போட்டு, ஒப்பமிடுவாள். எழுதின பிறகு ஓர் இலக்கத்தைத் திருத்தக்கூட மாமாவை விட மாட்டாள். வடிவம் வராத நாளில் தாளும் இல்லை. முடிவு தெரிந்ததும் அடியில் எழுதுவாள், வெற்றி என்றால் நீலத்தில், தோல்வி என்றால் சிவப்பில்.

முதல் பன்னிரண்டில் எட்டு வெற்றி. மாமா அக்காவுக்குக் கால் நோகாத ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். அந்த மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நானே என் நாற்பத்தெட்டைச் சந்தேகிக்க ஆரம்பித்தேன். அப்படியே இருந்துவிடக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. இருக்கவில்லை. அடுத்த பதினைந்தில் ஐந்து. பிறகு கொஞ்சம் ஏறியது, பிறகு இறங்கியது. ஆறு மாதத்தில் அறுபத்தொரு தாள்கள். நீலம் இருபத்தொன்பது, சிவப்பு முப்பத்திரண்டு.

மாமா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கோபமெல்லாம் இல்லை. தட்டின் முன்னால் உட்காருவார், பிசைவார், எழுந்து கை கழுவிவிடுவார். பத்து நாளில் சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளத்தது. முதலாளி கோப்பைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பினார். அக்கா பழைய பரிசோதனைக் கூடத்துக்குப் போய் நின்றாள். இடம் இல்லை, வேண்டுமானால் காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வா, ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்றார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடங்கள்தான் அதிகம் என்றும் சொன்னார்களாம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் காலைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

பதினோராவது நாள் மாமா எனக்குப் போன் செய்து வரச் சொன்னார். குரலில் பழைய தெம்பு. போனால் சாப்பாட்டு மேஜையில் அறுபத்தொரு தாள்களையும் இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்திருந்தார். முப்பத்திரண்டு சிவப்பில் இருபத்தைந்து, உண்மையில் வடிவமே இல்லையாம். ஒன்றில் பி சரிபாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. இன்னொன்றில் அந்தக் கம்பெனியின் காலாண்டு முடிவு வெளியான வாரம். வேறொன்றில் கடைசி இறக்கம் அவசரமாக, நாலே நாளில் முடிந்துவிட்டது. நிஜமான வௌவால் நிதானமாக இறங்குமாம். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது, எல்லாக் காரணமும் உண்மை. இருபத்தைந்தைத் தள்ளினால் மிச்சம் முப்பத்தாறு. அதில் இருபத்தொன்பது வெற்றி. நூற்றுக்கு எண்பது.

நான் அந்த நீலத் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆனது. "மாமா, இதே குறை ஜெயிச்சதுலயும் பதினெட்டுல இருக்கு," என்றேன்.

"ஜெயிச்சத எதுக்குடா நோண்டுற?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தோற்றதை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எவனுக்கும் எண்பது வரும், என் பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட வரும் என்று கத்தினேன். பதினெட்டையும் சேர்த்துத் தள்ளினால் மிச்சம் பதினெட்டு, அதில் வெற்றி பதினொன்று, அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்றேன். நாளைக்கு வருகிற வடிவத்தில் எந்தக் குறை கொல்லும், எந்தக் குறை கொல்லாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றேன். அவர் ஸ்கேலை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டு வெளியேறினேன்.

சனிக்கிழமை மத்தியானம் மறுபடியும் போனேன். கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளறையில் மாமா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், பல நாட்களுக்குப் பிறகு. அக்கா மேஜையில் புதுத் தாள்களை அடுக்கி வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். வரிசை எண் பதினாலு. தேதி நாலு மாதத்துக்கு முந்தினது. வெறுமனே இருபத்தைந்து தாள்களை உருவியிருந்தால் எண்களில் ஓட்டை விழுந்து காட்டிக்கொடுத்திருக்கும். அதனால் ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை முழுதாக மறுபடியும் எழுதினாள். தேதிக்குத் தேதி பேனாவைக்கூட மாற்றிக்கொண்டாள். பரிசோதனைக் கூடத்தில் கள்ளத்தனம் எப்படிப் பிடிபடும் என்று அவளுக்குத்தான் தெரியுமே. பழைய தாள்கள் காலடியில் குப்பைக் கூடையில் சுக்குநூறாகக் கிடந்தன.

"அவரு இன்னிக்குச் சாப்பிட்டாரு," என்றாள், தலையைத் தூக்காமல்.

"அக்கா, இது என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"உன்னைவிட நல்லாவே தெரியும். நீ எழுபத்தொன்பதுன்னு சொன்னப்ப தெரியாம சொன்ன. நான் தெரிஞ்சு எழுதறேன். அவ்வளவுதான் வித்தியாசம்." பதினாலாவது தாளில் ஒப்பமிட்டு ஒதுக்கி வைத்தாள். "என் காலு இனிமே மாடி ஏறாதுடா."

நான் அந்தத் தாள்களைப் பறித்திருக்கலாம். கைக்கெட்டும் தூரம்தான். நின்றுகொண்டிருந்துவிட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

திட்டம் தொடங்கியது. மாமாவுக்குத் தனி அறை கிடைத்தது. அங்கேயும் சுவர் நிறையப் படம் ஒட்டினார். கோப்பை முதலாளி பிரதி எடுத்து வரவேற்பு மேஜையில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம் என்று. நான் பாக்கி இருந்த ஒரு வேலைக்காக ஒரு நாள் அங்கே போயிருந்தேன். பஸ் கண்டக்டர் மேஜையருகே நின்று, விண்ணப்பப் படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓய்வுப் பணம் முழுவதையும் போடப் போவதாகச் சொன்னார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க கம்ப்யூட்டர் சொன்னதைக்கூட நான் முழுசா நம்பலப்பா, தப்பா நினைச்சுக்காதீங்க. நடந்து முடிஞ்சதை யாரு வேணும்னாலும் சொல்லலாம். இதுதான் கணக்கு. எல்லாம் முன்னாடியே எழுதி வெச்சிருக்காங்க பாருங்க, நம்பர் வரிசையா, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது." விரலை அக்காவின் கையெழுத்தின் மேல் வைத்தார். "இந்த அம்மா யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன்.

"நம்பலாமா?"

பத்தொன்பது வருடத்தில் ஒரு ட்யூபைக்கூட மாற்றி ஒட்டாதவள். என்னைப் படிக்க வைத்தவள். இருபத்தைந்து தாள்கள் இதில் இல்லை என்று நான் சொன்னால், கிழித்தது யார் என்று அவர் கேட்பார். அடுத்த வாரமே அக்கா ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டு மாடியிலோ ஏறிக்கொண்டிருப்பாள். வரவேற்பில் இருந்த பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நேர்மையானவங்க," என்றேன்.

அவர் என்னிடமே பேனாவைக் கேட்டு வாங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.